வண்டிக் கடன்: 3.5 சதவீதமா, 6 சதவீதமா?

வெளிநாட்டில் புதிதாக வந்திறங்கியவர்கள் முதலில் தேடுவது வீடு, அடுத்தது வண்டி. ஓட்டுநர் உரிமம், காப்பீடு, சம்பளச் சான்று இவற்றையெல்லாம் எப்படி வாங்குவது என்று அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். வட்டிக் கணக்கைத்தான் யாரும் சொல்வதில்லை. என் நண்பன் ஒருவனுக்கு அடி விழுந்தது அதில்தான்.

அவனிடம் இரண்டு கோட், அதாவது வட்டியும் தவணையும் எழுதிய கடன் விவரத் தாள்கள், இருந்தன. வண்டி விற்பவர் கொடுத்த தாளில் வட்டி 3.5 சதவீதம். வங்கி அனுப்பியதில் 6 சதவீதம். இரண்டிலும் கடன் 20,000, தவணை 60 மாதம். வங்கித் தாளை அவன் முழுதாகக்கூடப் படிக்கவில்லை. படித்திருந்தால் மாதத் தவணை 386.66 என்று கண்ணில் பட்டிருக்கும். விற்பவர் தாளில் அது 391.67. வட்டி குறைவாகச் சொன்ன இடத்தில் தவணை கூடுதல்!

காரணம் இதுதான். 3.5 என்பது ஃப்ளாட் ரேட். முழு 20,000-க்கும் ஐந்து வருட வட்டியை முதலிலேயே போட்டு, 3,500 என்று எடுத்து, அசலோடு சேர்த்து 60-ஆல் வகுத்துவிடுவார்கள். மாதம் 333.33 அசல், 58.33 வட்டி. முதல் மாதம் நம்மிடம் இருப்பது 20,000, அப்போது 58.33 வட்டி என்பது மலிவுதான். கடைசி மாதம் நம்மிடம் மிச்சம் இருப்பது வெறும் 333.33. அதற்கும் அதே 58.33 வட்டி! திருப்பிக் கொடுத்துவிட்ட பணத்துக்கும் சேர்த்து வட்டி கட்டிக்கொண்டே இருக்கிறோம்.

வங்கியின் 6 சதவீதம் ரெட்யூசிங் பேலன்ஸ், அதாவது மிச்சமிருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி. ஊரில் வீட்டுக்கடன் கட்டியவர்களுக்கு இது பழகிய கணக்கு. முதல் மாத வட்டி 100. கடைசி மாதம் 2-க்கும் குறைவு. மொத்த வட்டி சுமார் 3,200. ஃப்ளாட்டை விட 300 குறைகிறது.

ஃப்ளாட் ரேட்டை ரெட்யூசிங் கணக்குக்கு மாற்றினால் ஏறக்குறைய 1.7 முதல் 1.9 மடங்கு வரும். கடைக்குள் நின்றுகொண்டு மனக்கணக்குப் போட இது போதும். கையெழுத்துப் போடுமுன் மட்டும் சரியாகப் பார்த்துவிடுங்கள். எக்செல், கூகுள் ஷீட்ஸ் எதிலும் ஒரு வரிதான்:

```
=RATE(60,-391.67,20000)*12
```

மாத எண்ணிக்கை, தவணை, கடன் தொகை என்ற வரிசை. தவணைக்கு முன்னால் கழித்தல் குறி கட்டாயம். விடையைச் சதவீதமாகக் காட்டச் சொன்னால் 6.5-ஐ ஒட்டி வரும். விற்பவர் சொன்ன 3.5-இன் உண்மையான முகம் இது.

பிராசசிங் கட்டணம் என்று ஏதாவது பிடித்தால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 400 பிடித்துக்கொண்டால் நம் கைக்கு வருவது 19,600. சூத்திரத்தில் 20000 இருக்கும் இடத்தில் 19600 போடுங்கள், வட்டி 7.4-ஐத் தொடும். இரண்டு கோட்டிலும் வண்டி விலை, முன்பணம், மாத எண்ணிக்கை மூன்றும் ஒன்றாக இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். ஒருவர் 60 மாதத்துக்கும் இன்னொருவர் 84 மாதத்துக்கும் கொடுத்தால் தவணையை ஒப்பிட்டுப் பயனில்லை. தவணை சின்னதாகத் தெரிய வேண்டும் என்றே மாதத்தை நீட்டுகிறவர்கள் உண்டு. சிரித்துக்கொண்டே நீட்டுவார்கள்.

சரி, மாதம் ஐந்துதானே வித்தியாசம் என்று தோன்றலாம். நண்பன் மாட்டியது அங்கே இல்லை. இரண்டு வருடம் கழித்து வேலை வேறு ஊருக்கு மாறியது. வண்டியை விற்றுக் கடனை முடித்துவிடலாம் என்று போனான். மீதி 36 தவணையையும் அப்படியே கட்டு, 14,100 என்றார்கள். முன்கூட்டி முடித்தால் வட்டியில் தள்ளுபடி கிடையாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறதாம். வங்கியில் எடுத்திருந்தால் அன்றைக்கு நிலுவை சுமார் 12,710. அப்புறம் இரண்டு நாள் அவன் என்னிடம்கூடச் சரியாகப் பேசவில்லை.

எல்லா ஃப்ளாட் கடனும் இப்படி இல்லை. சிலர் மீதி வட்டியில் ஒரு பகுதியைத் தள்ளுவார்கள். அதற்கு 'ரூல் ஆஃப் 78' என்ற கணக்கை வைத்திருப்பவர்கள் உண்டு. அதில் ஆரம்ப மாதங்களிலேயே வட்டியின் பெரும்பங்கை எடுத்துக்கொள்வார்கள். இந்தக் கடனுக்கு அந்தக் கணக்கைப் போட்டால் 24-ஆம் மாத முடிவில் கட்ட வேண்டியது சுமார் 12,826. வங்கியை விட 116 கூடுதல், அவ்வளவுதான். வங்கிகளிலும் முன்கூட்டி முடிக்கக் கட்டணம் கேட்பவர்கள் இருக்கலாம், அதையும் விசாரியுங்கள்.

அதனால் விற்பவரிடம் வட்டி எவ்வளவு என்று கேட்காதீர்கள். "24-ஆம் மாதம் முடித்தால் மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று கேட்டு, வரும் தொகையை அந்தக் கோட் தாளிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் வங்கித் தாளை எடுத்துப் படிக்க ஆரம்பியுங்கள்.