ஒரே எக்ஸ்பைரிக்கு சேபர் மாடலைப் பொருத்தும்போது

நிஃப்டி ஆப்ஷன்களின் ஒரே எக்ஸ்பைரிக்கு ஸ்ட்ரைக்குக்கு ஸ்ட்ரைக் மாறும் வோலடிலிட்டியை விவரிக்கும் சேபர் மாடலைப் பொருத்தும்போது, அதன் நான்கு அளவுருக்களில் ஒன்றான பீட்டாவை முதலிலேயே 1 என நிறுத்திவிடுவது நல்லது. பீட்டா, ரோ இரண்டுமே ஸ்மைல் எனப்படும் அந்த வோலடிலிட்டி வளைகோட்டின் சாய்வைத்தான் மாற்றுகின்றன என்பதால், ஒரு எக்ஸ்பைரியின் விலைகளைக் கொண்டு அவற்றைப் பிரித்தறிய முடியாது. மீதமுள்ள ஆல்ஃபா, ரோ, நியூ மூன்றையும் அவுட் ஆஃப் தி மணி புட், கால் விலைகளிலிருந்து கணக்கிடலாம்.

பொருத்தத்தைச் சராசரிப் பிழையால் மட்டும் எடைபோடாமல், ஒவ்வொரு ஸ்ட்ரைக்கின் பிழையையும் அதன் பிட்-ஆஸ்க் இடைவெளியில் பாதியோடு ஒப்பிட வேண்டும். உதாரணமாக, 24,000 ஃபார்வர்டில், 22,800 புட்டின் வோலடிலிட்டி 15.6க்கும் 16.4க்கும் இடையில் இருந்து, மாடல் 16.3 தந்தால் அது ஏற்கத்தக்கதே. ஆனால் 24,000 ஸ்ட்ரைக்கில் சந்தை 12.95–13.05 என்றிருக்க மாடல் 13.2 தந்தால், நடுவிலிருந்து விலகல் முன்னதன் 0.3ஐவிடக் குறைவாக 0.2தான் என்றாலும் அது தவறிய பொருத்தம்.

பிழைகளின் குறியையும் பாருங்கள். இரு ஓரங்களிலும் மாடல் தாழ்ந்து நடுவில் உயர்ந்தால், வளைவு போதவில்லை. வளைவைத் தீர்மானிக்கும் நியூ அதன் உச்சவரம்பில் முட்டி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். புட் முடிந்து கால் தொடங்கும் இடத்தில் பிழை திடீரெனத் தாவினால், பெரும்பாலும் குற்றம் மாடலுடையதன்று: ஃபார்வர்டைப் புட்-கால் சமன்பாட்டிலிருந்து மீண்டும் கணக்கிட வேண்டும்.