பிகூ வரி: எந்த இடத்துச் சேதத்தை வைத்துக் கணக்குப் போடுவது?

ஆற்றின் மேல்பகுதியில் சில காகித ஆலைகள். கீழே அதே ஆற்றை நம்பி மீன் பிடிப்பவர்கள். ஆலைக் கழிவால் மீன் குறைகிறது, ஆனால் அந்த நஷ்டம் எந்த ஆலையின் கணக்கிலும் ஏறுவதில்லை. இதைத்தான் எதிர்மறைப் புறவிளைவு என்கிறோம். அந்த நஷ்டத்தை வரியாக விலைக்குள் கொண்டுவரலாம் என்று 1920இல் ஆர்தர் பிகூ என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் விளக்கினார். அதனால் இதற்குப் பிகூ வரி என்றே பெயர்.

"ஒரு டன் காகிதத்தால் எவ்வளவு சேதமோ அவ்வளவு வரி" என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். சரி, எந்த டன்? இன்று உற்பத்தியாகும் கடைசி டன்னா, வரி வந்த பிறகு மிஞ்சப்போகும் கடைசி டன்னா? இரண்டும் வேறு வேறு விடை தரும். புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

படி 1: மூன்று கோடுகளை எழுதுங்கள்

Q என்பது ஒரு நாளில் உற்பத்தியாகும் டன். பணத்தை வெறும் 'காசு' என்று வைத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை.

```
தேவை (வாங்குபவர் தரத் தயாரான விலை) = 120 − Q
தனியார் இறுதிநிலைச் செலவு         = 20 + Q
இறுதிநிலைச் சேதம்                 = 0.5 Q
```

இறுதிநிலைச் செலவு என்றால் இன்னும் ஒரு டன் கூடுதலாகத் தயாரிக்க ஆகும் செலவு. சராசரிச் செலவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சேதம் ஏன் Q கூடக் கூட ஏறுகிறது? கொஞ்சம் கழிவு கலந்தால் ஆறே அதைக் கரைத்துச் சமாளித்துவிடும். கழிவு பெருகும்போது அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்கின்றன. மீன்களுக்கு மூச்சு முட்டுகிறது. முதல் டன்னின் கழிவு செய்யாத கேட்டை ஐம்பதாவது டன்னின் கழிவு செய்கிறது.

படி 2: சந்தை தானாக எங்கே நிற்கும்?

ஆலைகள் தங்கள் செலவை மட்டுமே பார்க்கும். ஆகவே தேவைக் கோடும் தனியார் செலவுக் கோடும் வெட்டும் இடத்தில் சந்தை நிற்கும்.

```
120 − Q = 20 + Q
Q = 50,  விலை = 70
```

ஐம்பதாவது டன்னை வாங்குபவர் 70 காசு மதிக்கிறார், ஆலைக்கும் 70 காசுதான் ஆகிறது. ஆனால் ஆற்றுக்கு அது 25 காசு சேதம் செய்கிறது. அந்த டன்னின் உண்மையான செலவு 95. எழுபது காசுப் பொருளுக்குச் சமூகம் 95 காசு கொடுக்கிறது.

படி 3: சமூகத்துக்கு ஏற்ற அளவைக் கண்டுபிடியுங்கள்

தனியார் செலவோடு சேதத்தைக் கூட்டினால் சமூக இறுதிநிலைச் செலவு கிடைக்கும். அதைத் தேவையோடு சமன் செய்யுங்கள்.

```
சமூகச் செலவு = (20 + Q) + 0.5 Q = 20 + 1.5 Q
120 − Q = 20 + 1.5 Q
Q = 40
```

நாற்பதுக்குக் கீழே போகவும் வேண்டாம். அங்கே ஒவ்வொரு டன்னின் பயனும் அதன் முழுச் செலவைவிட அதிகம். சேதம் பூஜ்யமாகும்வரை ஆலைகளை இழுத்து மூடுவது இந்த வரியின் நோக்கமே அல்ல.

படி 4: வரியைக் கணக்கிடுங்கள்

Q = 40 என்ற இடத்தில் இரண்டு செலவுக் கோடுகளுக்கும் இடையிலுள்ள உயர வித்தியாசம்தான் வரி. சமூகச் செலவு 80, தனியார் செலவு 60. ஆக, டன்னுக்கு 20 காசு.

இன்றைய 50 டன்னில் அளந்தால் 25 என்று வரும். அதையே வரியாகப் போட்டால் உற்பத்தி 37.5 டன்னாகச் சுருங்கிவிடும். தயாரித்திருக்க வேண்டிய இரண்டரை டன் தயாராகாமல் போகும். சேதக் கோடு படுக்கையாக இருந்தால், அதாவது ஒவ்வொரு டன்னும் ஒரே அளவு கெடுதல் செய்தால், எங்கே அளந்தாலும் ஒன்றுதான். கோடு ஏறும்போதுதான் இந்த வித்தியாசம் வருகிறது.

படி 5: சரிபாருங்கள்

வரியைத் தனியார் செலவோடு கூட்டி மறுபடி சந்தையைத் தீர்த்துப் பாருங்கள். 120 − Q = 40 + Q என்றால் Q = 40. சரியாக வந்துவிட்டது. வாங்குபவர் தரும் விலை 80, ஆலையின் கையில் நிற்பது 60. முன்பு இருவருக்கும் 70 என்பதால் வரியின் பாரம் ஆளுக்குப் பாதி. இந்தக் கணக்கில் இரண்டு கோடுகளும் ஒரே சரிவு என்பதால்தான் அப்படி. எப்போதும் பாதிப் பாதி வராது.

அடுத்து, லாபம் உண்டா என்று பார்ப்போம். மொத்தச் சேதம் 0.25 Q². அது 625இலிருந்து 400ஆகக் குறைகிறது, மிச்சம் 225. கைவிட்ட பத்து டன்னால் வாங்குபவரும் ஆலைகளும் இழந்த நிகரப் பயன் ½ × 10 × 20 = 100. சமூகத்துக்கு நிகரமாக 125 மிஞ்சுகிறது. வரி வருவாய் 800ஐ இதில் சேர்க்காதீர்கள். அது ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும் பணம்தான்.

தேவைக் கோடே தெரியாவிட்டால்?

நிஜத்தில் கோடுகளை யாரும் எழுதிக் கையில் கொடுப்பதில்லை. அப்போது இப்போதைய கடைசி டன்னின் சேதத்தையே வரியாகப் போட்டுவிட்டு, உற்பத்தி நிலைகொண்டதும் மறுபடி அளந்து வரியைத் திருத்தலாம். நம் கணக்கில் வரி இப்படிப் போகும்:

```
25 → 18.75 → 20.31 → 19.92 → ... 20
```

இது எப்போதும் இப்படி அடங்கிவிடாது. தேவைக் கோடு, செலவுக் கோடு இரண்டின் சரிவுகளையும் கூட்டினால் வரும் தொகையைவிடச் சேதக் கோட்டின் சரிவு குறைவாக இருக்க வேண்டும். இங்கே 0.5, 2ஐவிடக் குறைவு. சேதம் அதைவிடச் செங்குத்தாக ஏறினால் திருத்தத் திருத்த வரி கூடியும் குறைந்தும் ஊசலாடி விலகிப் போகும். இரண்டு மூன்று சுற்றில் ஊசல் குறையவில்லை என்றால் முழுத் திருத்தம் செய்யாமல் பாதி தூரம் மட்டும் நகர்த்துங்கள். சேதம் அளவுக்கு மீறிச் செங்குத்தாக இல்லாவிட்டால் அதுவே போதும்.

வரி எதன் மேல்?

இதுவரை காகிதத்தின் மேல் வரி போட்டோம். ஆனால் மீனைக் கொல்வது காகிதம் இல்லை, கழிவு. கழிவைச் சுத்தம் செய்யும் ஆலையும் டன்னுக்கு 20 கட்டும், அப்படியே ஆற்றில் விடும் ஆலையும் 20தான் கட்டும். அப்புறம் சுத்தம் செய்ய யார் செலவழிப்பார்கள்?

ஒரு டன் காகிதத்துக்கு 4 கிலோ கழிவு என்றால் வரியைக் கிலோவுக்கு 5 என்று மாற்றலாம். கிலோவுக்கு 3 காசில் சுத்தம் செய்ய முடிகிற ஆலை உடனே அதைச் செய்யும், ஏனென்றால் வரியைவிட அது மலிவு. ஆனால் எல்லா ஆலைகளும் அப்படியே செய்தால் ஆறு ஏறக்குறைய சுத்தமாகிவிடும். அந்த நிலையில் கடைசிக் கிலோ கழிவின் சேதம் 5ஐவிட வெகு குறைவு. ஆறு தானாகக் கரைத்துவிடும் கழிவையும் காசு செலவழித்து அகற்றுவார்கள். 5 என்ற எண் சுத்திகரிப்பே இல்லாத உலகத்தில் 40 டன்னுக்காகக் கணக்கிட்டது. சுத்திகரிப்புச் செலவையும் ஒரு கோடாக வரைந்து, படி 3இலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.