பில் தவறு வங்கியுடையது. தாமதக் கட்டணம் மட்டும் ஏன் நம் தலையில்?

என் அக்காவின் கிரெடிட் கார்டு பில்லில் ஒரே துணிக்கடை, ஒரே நாள், 8,400 ரூபாய் இரண்டு முறை ஏறியிருந்தது. மொத்தம் 23,400. உடனே புகார் கொடுத்தாள். ஆனால் "முதலில் திருத்தட்டும், பிறகு கட்டுகிறேன்" என்று கெடு தேதி தாண்டியும் ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. மூன்று வாரத்தில் வங்கி 8,400 ரூபாயைத் திரும்ப வரவு வைத்தது. அடுத்த பில்லிலோ தாமதக் கட்டணம் 750, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 135, கூடவே வட்டி.

அவள் கோபம் நியாயமானது. ஆனால் மீதி 15,000 ரூபாய் அவள் உண்மையில் செலவழித்தது. குறைந்தபட்சத் தொகை வந்து சேராதபோதுதான் தாமதக் கட்டணம் விழும். அந்த 15,000 ரூபாயைக் கெடுவுக்குள் கட்டியிருந்தால் அந்தக் கட்டணமே வந்திருக்காது. 8,400 ரூபாய்க்கான வட்டியை மட்டும் கேட்டு வாங்கியிருக்கலாம். பலரும் சறுக்கும் இடம் இதுதான். தகராறு இல்லாத தொகையைக் கட்டிவிட்டுச் சண்டை போடுங்கள்.

அடுத்த தவறு, கேட்கும் விதம். வாடிக்கையாளர் சேவைக்கு போன் செய்து "இந்த ஒரு முறை தள்ளுபடி செய்யுங்கள்" என்றால் அது சலுகைக் கோரிக்கையாகிவிடும். தவறு உங்களுடையது என்று நீங்களே ஒப்புக்கொண்டது போலாகும். மின்னஞ்சலில் இப்படி எழுதலாம்: "இந்தத் தேதியில் 8,400 ரூபாய் இரண்டு முறை பதிவானது. புகார் எண் இது. அந்தத் தொகைக்கு விதித்த வட்டியையும் ஜிஎஸ்டியையும் திரும்ப வரவு வையுங்கள்." பில் தவறென்று வாடிக்கையாளர் சொன்னால் 30 நாட்களுக்குள் விளக்கமும், தேவைப்பட்டால் ஆவணமும் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2022இல் வகுத்த விதி. புகார் எண் இல்லாத போன் பேச்சு இங்கே உதவாது.

கட்டணத்தை மட்டும் கேட்டு நிறுத்துவதும் தவறுதான். நிலுவை இருந்தால் வட்டியில்லாக் காலம் போய்விடும். புதிதாக வாங்கிய பொருட்களுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அதன் மிச்சம் அதற்கடுத்த பில்லிலும் தலைகாட்டும். ஆகவே இரண்டு பில்களையும் பார்த்துவிட்டே மொத்தக் கணக்கை எழுதுங்கள். கெடு தாண்டி மூன்று நாட்களுக்கு மேல் போனால் கிரெடிட் அறிக்கையிலும் பதிவாகலாம். அதைத் திருத்தும்படியும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

எடுத்த எடுப்பிலேயே ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகாதீர்கள். முதலில் வங்கியிடம் கேட்டிருக்க வேண்டும். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ cms.rbi.org.in தளத்தில் பதியலாம்.

அக்கா எழுதிய கடிதத்துக்கு, மாதம் 3.5 சதவீதக் கணக்கில் 8,400 ரூபாய்க்கான வட்டி 294, அதன் ஜிஎஸ்டி 53, ஆக 347 ரூபாய் திரும்பி வந்தது. தாமதக் கட்டணமும் அதன் ஜிஎஸ்டியும் சேர்ந்த 885 ரூபாய் வரவில்லை. 15,000 ரூபாயைக் கட்டாமல் வைத்திருந்ததற்கு அவளிடம் பதில் இல்லை.