சப்ளையரிடம் எச்எஸ் கோடு கேட்பது எப்படி? தங்கூஸ் நரம்பில் நான் பட்ட பாடு

மண்டபத்தில் தூண்டில் சாமான் கடை வைத்திருக்கிறேன். முதல் தடவை சீனாவில் இருந்து சரக்கு எடுத்தபோது சப்ளையர் மொத்தப் பட்டியலுக்கும் ஒரே எச்எஸ் கோடு, அதாவது சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண், போட்டுத் தந்தார்: 9507. அதை நம்பிப் போட்ட சுங்க வரிக் கணக்கு முழுக்கத் தப்பு. இறக்குமதி உரிமமெல்லாம் எடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1. விலை கேட்கும்போதே கோடும் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டால் ஒற்றை வரியில்தான் பதில் வரும். நீங்களே ஒரு எக்செல் தாள் அனுப்புங்கள். பொருளின் பெயர், எதனால் செய்தது, கனம் எத்தனை மில்லிமீட்டர், எச்எஸ் கோடு என்று கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் தனி வரி விடுங்கள்.

2. கனம் எதற்கு என்கிறீர்களா? அங்கேதான் நான் மாட்டினேன். தூண்டில் முள்ளுக்கு 9507 20 சரிதான். ஆனால் முள் கட்டித் தயாராக்காத வெறும் நைலான் நரம்பு 9507-க்குள் வராது. ஒற்றை இழை நரம்பு 1 மி.மீ.க்கு மேல் போனால் பிளாஸ்டிக் கணக்கில் 3916. 1 மி.மீ. வரை, ரொம்ப மெல்லிசாக இல்லாத பட்சத்தில், 5404. என் பட்டியலில் 0.8-உம் 1.2-உம் ஒரே வரியில் கிடந்தன! இப்போது வெர்னியர் வைத்து சாம்பிளை அளக்காமல் நகர்வதில்லை.

3. சீனக்காரர் பத்து இலக்கம் தருவார். முதல் ஆறுதான் உலகத்துக்கே பொது. மீதியை விட்டுவிட்டு, நம் ஊர் எட்டு இலக்கத்தை இந்தியச் சுங்கப் பட்டியலில் தேடி எடுங்கள். முள்ளுக்கு அது 95072000.

4. இனி கணக்கு. சரக்கு, கப்பல் கூலி, காப்பீடு சேர்த்து 1,00,000 ரூபாய் என்போம். அடிப்படை வரி 10 சதவீதம், ஐஜிஎஸ்டி 18 என்று வையுங்கள் (உதாரணத்துக்குத்தான், உங்கள் கோடுக்கு உரியதை சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் பாருங்கள்). அடிப்படை வரி 10,000. அதன் மேல் 10 சதவீத சமூக நல சர்சார்ஜ் 1,000. ஐஜிஎஸ்டி 1,11,000-க்குப் போடுவார்கள், 19,980. ஆக 30,980. ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அந்த 19,980-ஐ வழக்கமாக உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். அதனால் விலை வைக்கும்போது 11,000-ஐ மட்டும் சேர்க்கிறேன்.

பின்சேர்க்கை: "சப்ளையர் தந்த கோடுக்கு வரி கம்மி, அதையே போடலாமா?" என்று தொண்டியில் இருந்து ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம் அண்ணே. கோடு அறிவிப்பது இறக்குமதி செய்யும் நாம்தான். தப்பானால் வித்தியாச வரி, வட்டி, அபராதம் எல்லாம் நம் தலையில்தான் விழும். அட்வான்ஸ் அனுப்பும் முன் அந்த எக்செல் தாளைத் தூத்துக்குடி கிளியரிங் ஏஜென்ட்டிடம் காட்டிவிடுங்கள். நான் அட்வான்ஸ் போட்ட பிறகுதான் காட்டினேன்.