கண்மாய்க் கொக்குக்கு அறிவியல் பெயர் கண்டுபிடிப்பது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வயலில் வெள்ளையாக நிற்கிற பறவை எதுவானாலும் அது கொக்குதான். அந்த ஒரு சொல்லை அகராதியில் போட்டால் கிரேன் என்று வரும். பழைய மொழிபெயர்ப்புகளில் தொற்றிக்கொண்ட பிழை அது. நம் கண்மாயில் நிற்பவை கிரேன் வகையே அல்ல, எக்ரெட், ஹெரான் வகை. இணையத்தில் சுற்றும் தமிழ் - ஆங்கிலப் பெயர்ப் பட்டியல்கள் பலவும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. அதனால் பட்டியலை மூடிவிட்டு, பறவையைப் பார்த்தே பெயருக்குப் போகும் வழியைச் சொல்கிறேன். மரத்துக்கும் மீனுக்கும் இதே வழிதான்.

படி 1: ஊர்ப்பெயரை அப்படியே எழுதுங்கள்

மாடு மேய்ப்பவரிடமோ வலை போடுகிறவரிடமோ "இது என்ன கொக்கு?" என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். "ஐயா, இதுல வேற வேற சாதி இருக்கா? அதுக்கெல்லாம் தனித்தனிப் பேரு உண்டா?" என்று கேளுங்கள். உண்ணிக்கொக்கு, மடையான், குருட்டுக்கொக்கு என்று பெயர்கள் பிரிய ஆரம்பிக்கும். கேட்ட பெயர், எந்த ஊர், பறவை என்ன செய்துகொண்டிருந்தது, இந்த மூன்றையும் குறித்துக்கொண்டால் போதும். பெயரைத் திருத்த வேண்டாம். பக்கத்து ஊரில் அதே பெயர் வேறொன்றைக் குறிக்கலாம்.

படி 2: ஒரு பெயருக்குள் எத்தனை இனம் என்று பிரியுங்கள்

நேரம் எடுக்கிற படி இதுதான். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடி போடுவதில்லை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அந்த இடம்தான். வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் நிறைந்த பிறகு அங்கே போய் ஒரு வெள்ளைக் கொக்கைப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் காலைப் பாருங்கள். அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள் என்றால் அது சின்னக்கொக்கு. ஆங்கிலத்தில் லிட்டில் எக்ரெட், அறிவியல் பெயர் Egretta garzetta. சேற்றில் நிற்கும்போது பாதம் தெரியாது. அது காலைத் தூக்கும் வரை, அல்லது பறக்கும் வரை பொறுத்திருக்க வேண்டும்.

அலகு மஞ்சள், கழுத்து குட்டை, மாட்டின் காலடியிலேயே சுற்றுகிறது என்றால் உண்ணிக்கொக்கு, அதாவது கேட்டில் எக்ரெட். இனப்பெருக்கக் காலத்தில் தலையும் கழுத்தும் முதுகும் செம்மஞ்சளாகிவிடும். அப்போது ஊரில் யாரும் குழம்பமாட்டார்கள்.

சிக்கல் மீதி இரண்டில்தான். பெரிய கொக்கு, நடுத்தரக் கொக்கு இரண்டுமே நெடுங்கழுத்து வெள்ளைப் பறவைகள். தொலைவில் தனியாக நிற்கிற பறவையின் உயரத்தை நம்பக்கூடாது. அலகின் நிறத்தையும் நம்பக்கூடாது, ஏனென்றால் மற்ற நாளில் மஞ்சளாக இருக்கும் அலகு இனப்பெருக்கக் காலத்தில் இரண்டுக்குமே கறுத்துவிடும். பார்க்க வேண்டியது வாய்க்கோடு. அலகு பிளக்கிற அந்தக் கோடு முகத்தில் எதுவரை போகிறது? கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு, Ardea alba. கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டால் நடுத்தரக் கொக்கு, Ardea intermedia. பைனாகுலர் இல்லாவிட்டால் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு தெரியாத படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். "வெள்ளைக் கொக்கு, இனம் தெரியவில்லை" என்று எழுதுவது முழுக்கச் சரியான குறிப்பு.

உட்கார்ந்திருக்கும்போது மண் நிறம், பறந்தால் சட்டென்று வெள்ளை இறக்கை என்றால் அது மடையான். குருட்டுக்கொக்கு என்பதும் இதைத்தான். இந்தியன் பாண்ட் ஹெரான், Ardeola grayii.

படி 3: இப்போது எந்தப் பெயர் செல்லும் என்று பாருங்கள்

அறிவியல் பெயரில் முதல் சொல் பேரினம், பெரிய எழுத்தில் தொடங்கும். இரண்டாவது சொல் சிற்றினம், சிறிய எழுத்து. ஆய்வுகள் வரவர இந்தப் பெயரும் மாறும். பழைய புத்தகத்தில் உண்ணிக்கொக்கு Bubulcus ibis என்று இருக்கும். பின்னர் நம் பக்கத்துப் பறவையை மேற்கத்திய இனத்திலிருந்து பிரித்துவிட்டார்கள். இப்போது பறவைகளைப் பதிவு செய்யும் இபேர்ட் தளத்தில் தேடினால் Ardea coromanda என்று வரும். எனவே உங்கள் குறிப்பில் பழைய பெயரையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். பழைய கட்டுரைகளைத் தேடிப் பிடிக்க அதுதான் உதவும்.

மரத்தில் இது இன்னும் அதிகம். கருவேலத்துக்குப் பெரும்பாலான தமிழ்ப் பக்கங்கள் Acacia nilotica என்றே போடுகின்றன. 2005இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாடு அக்கேசியா என்ற பேரினப் பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்கு விட்டுக்கொடுத்தது, 2011இல் மெல்போர்ன் மாநாட்டிலும் அதே முடிவு நின்றது. நம் மரம் Vachellia nilotica ஆகிவிட்டது. கியூ தாவரவியல் பூங்காவின் தளமான powo.science.kew.org போய்ப் பழைய பெயரைத் தட்டினால், இன்றைக்கு ஏற்கப்பட்ட பெயரைக் காட்டிவிடும்.

ஆனால் தளத்துக்குப் போகும்முன் மரம் எதுவென்று உறுதியாக வேண்டும். ஊரில் "கருவை" என்று சொன்னால் அது கருவேலமாகவும் இருக்கலாம், சீமைக்கருவேலமாகவும் இருக்கலாம். பூவையும் காயையும் பாருங்கள். கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை. காய் சாம்பல் பூத்த மாதிரி, விதைக்கு விதை இடுங்கி, மணி கோத்தது போலத் தொங்கும். சீமைக்கருவேலத்தின் பூ விரல் நீளக் கதிர். காய் அவ்வளவாக இடுங்காமல், முற்றினால் மஞ்சளாகும். ஆடு விரும்பித் தின்பதால் விதை ஊரெல்லாம் பரவுகிறது. இதன் பழைய பெயர் Prosopis juliflora, கியூ தளத்தில் இப்போது Neltuma juliflora. முள்ளை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முயன்றால் குழப்பம்தான் மிஞ்சும்.

மீனுக்குச் சந்தையே போதும்

கண்மாய் அழிகிற நேரத்தில், அதாவது தண்ணீர் வற்றி ஊரே இறங்கி மீன் பிடிக்கிற சமயத்தில் போனால், ஒரே கூடையில் விராலும் குறவையும் கிடக்கும். இரண்டும் பாம்புத் தலை மீன்கள், ஒரே பேரினம். விரால் Channa striata, உடம்பின் பக்கவாட்டில் பட்டை பட்டையாக இருக்கும், முழங்கைக்கு மேல் வளரும். குறவை Channa punctata, சின்னது, உடம்பில் கரும்புள்ளிகள் உண்டு. சின்ன விராலைக் குறவை என்று நினைப்பது சகஜம், ஆகவே அளவை விட்டுவிட்டுப் பட்டையா புள்ளியா என்று பாருங்கள். மீனைப் பக்கவாட்டில் கிடத்தி, துடுப்பை விரித்து, பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுங்கள். செத்து நேரமானால் நிறம் மங்கிவிடும், முதலிலேயே எடுத்துவிடுங்கள்.

பிறகு ஃபிஷ்பேஸ் தளத்தில் அறிவியல் பெயரைத் தட்டுங்கள். பெயரையடுத்து அடைப்புக்குறிக்குள் பிளாக், 1793 என்று வரும். அந்த ஆண்டு முதன்முதலில் இந்த மீனை விவரித்தவர் அவர். அடைப்புக்குறி எதற்கென்றால், அவர் வைத்த பேரினம் வேறு, பின்னால் மாறியிருக்கிறது என்பதற்கு அடையாளம். விரால் பற்றிய பழைய மீன்வள நூல்களில் Ophiocephalus striatus என்று பார்த்தால் அது வேறு மீனோ என்று தேடி அலைய வேண்டாம்.

ஜிலேபிக்கும் இப்படியே Oreochromis mossambicus என்று வரும். 1952இல் வெளியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த மீன் அது. அதனால் பழைய உள்ளூர் மீன் பட்டியல்களில் அதைத் தேடினால் கிடைக்காது.