நல்லூர் கொடியேற்றத்திலிருந்து எண்ணிய நாள்

2022 இல் நல்லூர்த் திருவிழா ஓகஸ்ட் 26 இல் முடிந்ததை நினைத்து, எங்கள் சனசமூக நிலைய விழாவை 2023 செப்டெம்பர் 10, ஞாயிறு என அறிவித்தோம். அவ்வாண்டு ஆவணி அமாவாசைத் தீர்த்தமோ செப்டெம்பர் 14. விரதகாலமாதலால் சமைக்கவும் ஆளில்லை, முன்வரிசைக் கதிரைகளும் நிரம்பவில்லை.

இப்போது ஆடி அமாவாசையைப் பஞ்சாங்கத்தில் பார்த்து, அதிலிருந்து ஆறாம் நாளைக் கொடியேற்றமாகக் கொண்டு இருபத்தைந்து நாள்களை முதலில் அடித்துவிடுகிறோம். பரீட்சைத் திணைக்களத்தின் நேர அட்டவணையில் உள்ள உயர்தர, புலமைப்பரிசில் நாள்களையும், அவற்றுக்கு முந்திய இரு வாரங்களையும் பின்னர் நீக்குகிறோம்.

மிஞ்சிய ஞாயிறுகளில் கலியாணங்கள் விழும் முகூர்த்தநாளைத் தவிர்க்க, அது எதுவென்பதைப் பந்தல்காரரிடமே கேட்கிறேன். பஞ்சாங்கத்தைவிட அவருடைய முற்பணக் கொப்பி தெளிவாகச் சொல்கிறது. அயற்கோயில்களின் அலங்காரத் திருவிழாவை அந்தந்த உபயகாரரிடம் நேரில் விசாரித்த பின்னரே அழைப்பிதழ் அச்சுக்குப் போகிறது.