ட்ரிப்புக்கு வரேலாது எண்டு மொனிட்டருக்கும் டீச்சருக்கும் எப்பிடி எழுதுறது

நான் தரம் 10லயும் 11லயும் கிளாஸ் மொனிட்டரா இருந்தனான். ட்ரிப் எண்டு வந்தா பெயர் லிஸ்ட், காசு, பெற்றோர் சம்மதக் கடிதம் எல்லாம் என்ட கையாலதான் டீச்சரிட்ட போகும், அதால வரேலாது எண்டு பிள்ளையள் எழுதித் தாற துண்டுகளையும் கனக்க வாசிச்சிருக்கிறன். போன மாசம் வெள்ளவத்தையில இருக்கிற என்ட சித்தியின்ட மகள் இதே விசயத்தோட வந்தவ. அவ தரம் 11, கிளாஸ் ஹோர்டன் சமவெளிக்குப் போகுது, அவக்கு சின்ன வயசில இருந்தே வீசிங். ரெண்டு பேரும் இருந்து எழுதினதை வைச்சே படிப்படியா சொல்லுறன், முதல் தரம் எழுதுற ஆக்களுக்கு இது காணும்.

1. எழுத முதல் வீட்டில முடிவெடுங்கோ, அதுவும் கெதியா

அம்மா அப்பாவோட கதைச்சு "போறேல்ல" எண்டு முடிவான பிறகுதான் பேனையை எடுக்கோணும். அரைகுறையா இருக்கேக்க எழுதினா "பெரும்பாலும் வரமாட்டன், பாப்பம்" எண்டுதான் வரும். எங்கட கிளாஸில ஒரு பிள்ளை அப்பிடித்தான் எழுதித் தந்தவ, நான் சீட்டை வைச்சிருந்தன். விடிய மூண்டரைக்கு பஸ் கேட்டடியில நிக்குது, எல்லாரும் ஏறியாச்சு, டீச்சர் லிஸ்ட்டை டோர்ச் அடிச்சுப் பார்த்துக்கொண்டு நிக்கிறா, நான் அந்தப் பிள்ளையின்ட வீட்டுக்கு கோல் எடுக்கிறன். கடைசியா நித்திரைத் தூக்கத்தில அவவின்ட தாத்தா எடுத்து "அவ வரேல்லையே பிள்ளை" எண்டார். இருபது நிமிசம் நிண்டிட்டம். அந்தப் பிள்ளையில பிழை இல்ல, அவவுக்கு உண்மையிலயே காய்ச்சல். அந்த "பாப்பம்" எண்ட ஒரு சொல்லுத்தான் எல்லாரையும் நிப்பாட்டினது.

கெதியா சொல்லோணும் எண்டதுக்கு காரணம் காசு. பஸ்ஸை ஆளுக்கு இவ்வளவு எண்டு பிடிக்கிறேல்ல, முழு பஸ்ஸையும் ஒரு தொகைக்குப் பேசித்தான் பிடிக்கிறது. ஒரு கணக்குக்கு பஸ் 90,000 ரூபா, பிள்ளையள் 45 பேர் எண்டு வைச்சா ஆளுக்கு 2,000. கடைசி நாளில அஞ்சு பேர் இல்லை எண்டா மிச்ச 40 பேரும் 2,250 கட்டோணும். ஏற்கனவே 2,000 கட்டின பிள்ளையிட்ட திரும்பவும் 250 கேக்கப் போறது மொனிட்டர்தான். ரெண்டு கிழமைக்கு முதல் சொல்லியிருந்தா மற்ற கிளாஸில இருந்து வர ஆசைப்படுற ஒராளை அந்த சீட்டில போட்டிருக்கலாம். அதால காசு கட்டுற கடைசித் திகதிக்கு முதல் சொல்லிடுங்கோ. வருத்தம் திடீரெண்டு வந்தா அது வேற கதை, அப்ப தெரிஞ்ச அண்டைக்கே சொல்லுங்கோ.

2. காரணத்தை ட்ரிப்போட சேர்த்து ஒரு வசனத்தில சொல்லிப் பாருங்கோ

இந்த இடத்திலதான் கனபேருக்குப் பிழைக்கிறது. "சில தனிப்பட்ட காரணங்களால்" எண்டு எழுதினா மரியாதையா இருக்கும் எண்டு நினைக்கிறம், ஆனா அதை வாசிக்கிற டீச்சருக்கு வீட்டில ஏதோ பிரச்சினையோ, காசு இல்லையோ, யாரோடயும் சண்டையோ எண்டு யோசனை வரும், கட்டாயம் வீட்டுக்கு கோல் வரும். "எனக்கு உடம்பு சரியில்லை" எண்டதும் காணாது, ட்ரிப்புக்கு இன்னும் பதினைஞ்சு நாள் இருக்கே, அதுக்குள்ள சுகமாயிடும்தானே எண்டு கேப்பினம்.

என்ட தங்கச்சி முதல்ல எழுதினது "எனக்கு வீசிங் இருப்பதால் வர முடியாது". அதே பிள்ளை கிளாஸில நெட்போல் விளையாடுறவ, டீச்சருக்கு அது தெரியும். அப்ப ஏன் இந்த ட்ரிப்புக்கு மட்டும் ஏலாது? அந்தக் கேள்விக்குப் பதில் துண்டிலேயே இருக்கோணும். ஹோர்டன் சமவெளி 2,100 மீட்டருக்கு மேல இருக்கு, விடியப்புறம் நல்ல குளிர், உலக முடிவைப் பார்த்திட்டு சுத்தி வாற பாதை கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர். பத்து மணிக்குப் பிறகு பனி மூடிடும் எண்டு எல்லாரும் விடியவே நடக்கத் தொடங்குவினம். குளிர் காத்தும் விடாம நடக்கிறதும் ரெண்டுமே இழுப்பைக் கிளப்புற விசயங்கள். பாதி வழியில இழுக்கத் தொடங்கினா வாகனம் உள்ளுக்கு வராது, நடந்துதான் வெளியில வரோணும். இவ்வளவையும் எழுதத் தேவையில்ல, "குளிரும் நீண்ட நடையும்" எண்ட ரெண்டு சொல்லு காணும், டீச்சருக்கு அந்த இடம் தெரியும்.

3. மொனிட்டருக்கு தனி மெசேஜ், சின்னதா

கிளாஸ் குரூப்பில போடாதேங்கோ. குரூப்பில போட்டா கீழ நாப்பது பேர் "ஏன் என்ன நடந்தது" எண்டு கேப்பினம், நீங்க ஒவ்வொருத்தருக்கா விளங்கப்படுத்தோணும், அதோட ஒராள் வரேல்ல எண்டதைப் பார்த்து இன்னும் ரெண்டு பேர் யோசிக்கத் தொடங்குவினம். மொனிட்டருக்கு மூண்டு விசயம்தான் தேவை: வரேல்ல, லிஸ்ட்டில வெட்டு, காசு கட்டினதோ இல்லையோ. வருத்தத்தின்ட விபரம் அவவுக்குத் தேவையில்ல, அவவும் உங்கட வயசுப் பிள்ளைதான், பொறுப்பா மறைச்சு வைக்கச் சொல்லுறது அவவுக்கும் பாரம். தங்கச்சி அனுப்பினது இது:

> ஹாய், 14ம் திகதி ட்ரிப்புக்கு நான் வரேல்ல, ஹெல்த் காரணம். லிஸ்ட்டில என்ட பெயரை எடுத்து விடுங்கோ. அட்வான்ஸ் 1,000 கட்டியிருக்கிறன், அதைப் பற்றி டீச்சரிட்ட கடிதத்தில கேட்டிருக்கிறன். நாளைக்கு கடிதம் குடுக்கிறன். தேங்ஸ்.

"சொறி" ஒரு தரம் சொல்லலாம், அஞ்சு தரம் சொன்னா ஏதோ பொய் சொல்லுறமாதிரி இருக்கும். "வரேல்ல" எண்ட சொல்லு முதல் வசனத்திலேயே வரோணும், மொனிட்டர் அதை பஸ்ஸில நிண்டுகொண்டும் வாசிப்பா.

4. டீச்சருக்கு கடிதம், கையால

டீச்சருக்கு வொட்ஸ்அப்பில சொன்னாலும் பேப்பரில ஒண்டு குடுங்கோ, ஏனெண்டா ட்ரிப் ஃபைலில போகாத பிள்ளையளின்ட பெற்றோர் கையெழுத்தும் இருந்தா அவவுக்கு அதிபரிட்ட காட்ட லேசு. இங்க பேச்சுத் தமிழ் வேண்டாம், ஸ்கூலில படிச்ச கடித முறையில எழுதுங்கோ. கொப்பியில கிழிச்ச ஒற்றை எண்டா ஓரத்தை வெட்டி நேராக்கிக் குடுங்கோ.

> வெள்ளவத்தை,
> கொழும்பு 06.
> (திகதி)
>
> வகுப்பாசிரியர்,
> தரம் 11 அ.
>
> மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்கட்கு,
>
> கல்விச் சுற்றுலாவில் பங்குபற்ற முடியாமை
>
> எதிர்வரும் 14ஆம் திகதி ஹோர்டன் சமவெளிக்குச் செல்லவுள்ள கல்விச் சுற்றுலாவில் என்னால் பங்குபற்ற முடியாதுள்ளது என்பதை அறியத்தருகின்றேன். எனக்குச் சிறு வயது முதல் ஆஸ்துமா உள்ளது. கடந்த மாதம் இழுப்பு ஏற்பட்டதால், குளிரான இடங்களுக்கும் நீண்ட நடைக்கும் தற்போது செல்ல வேண்டாம் என வைத்தியர் கூறியுள்ளார். கிளினிக் கொப்பியின் பிரதியை இணைத்துள்ளேன்.
>
> சுற்றுலாவின் பின் எழுத வேண்டிய களக் குறிப்பை நான் வேறு எவ்வாறு செய்யலாம் எனத் தெரிவித்தால், அனைவருடனும் அதே நாளில் ஒப்படைப்பேன். நான் செலுத்திய முற்பணம் ரூபா 1,000ஐத் திரும்பப் பெற முடியுமா என்பதையும் அறியத்தரவும்.
>
> நன்றி.
> இங்ஙனம்,
> தங்கள் உண்மையுள்ள மாணவி,
> (பெயர்)
>
> பெற்றோர் கையொப்பமும் தொலைபேசி இலக்கமும்:

இதில "களக் குறிப்பு" பற்றிக் கேட்ட வசனத்தை விட்டிடாதேங்கோ. ட்ரிப் முடிஞ்சு வந்து எழுதுற ரிப்போர்ட்டுக்கு புள்ளி இருந்தா, போகாத பிள்ளைக்கு அந்த இடம் வெறுமையா போயிடும், டீச்சருக்கும் பிறகு ஞாபகம் இருக்காது. முதலே கேட்டா, போன கூட்டாளியின்ட குறிப்பையும் படத்தையும் வைச்சு எழுதுங்கோ எண்டு சொல்லுவா. ட்ரிப் கிழமை நாளில எண்டா அண்டைக்கு ஸ்கூலுக்கு வரோணுமோ எண்டும் கேளுங்கோ, இல்லாட்டி வரவில அப்சென்ட் விழும்.

கிளினிக் கொப்பி பிரதி கட்டாயம் இல்ல, தனியார் டொக்டரிட்ட காட்டுறனீங்க எண்டா மருந்துத் துண்டின்ட பிரதியும் காணும். டீச்சர் மெடிக்கல் கேட்டா மட்டும் எடுத்துக் குடுங்கோ.

5. வீட்டுக் காரணம் எண்டா அந்த ஒரு பந்தியை மாத்துங்கோ

செத்தவீட்டுக் காரியங்களுக்கு நாளைச் சொன்னாலே போதும். "அன்றைய தினம் எனது அம்மம்மாவின் 31ஆம் நாள் கிரியைகள் வீட்டில் நடைபெறுவதால்" எண்டு எழுதினா அதுக்குப் பிறகு ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டினம். அம்மாவுக்கு ஒப்பரேசன் எண்டா என்ன ஒப்பரேசன் எண்டு எழுத வேண்டாம், "அம்மா சத்திரசிகிச்சையின் பின் வீட்டில் ஓய்வில் உள்ளார், தம்பியைப் பார்த்துக்கொள்ள நான் இருக்க வேண்டியுள்ளது" எண்டு உங்கட வேலை என்ன எண்டதைச் சொல்லுங்கோ. அம்மாவின்ட வருத்தத்தை விட, நீங்க ஏன் வீட்டில நிக்கோணும் எண்டதுதான் டீச்சருக்கு விளங்கோணும்.

எழுத ஏலாத காரணங்களும் இருக்கு. வீட்டில சண்டை, அப்பாவுக்கு வேலை போனது, இந்த மாசம் 2,000 குடுக்க ஏலாது. இதுகளுக்கு காய்ச்சல் எண்டு பொய் எழுதாதேங்கோ, ட்ரிப் அண்டைக்கு பின்னேரம் உங்களை பம்பலப்பிட்டிக் கடையில யாரும் கண்டா அடுத்த தரம் உண்மையான காய்ச்சலையும் நம்ப மாட்டினம். "குடும்பச் சூழ்நிலை காரணமாக" எண்டு மட்டும் எழுதி, கீழ "மேலதிக விபரங்களை எனது தாயார் தங்களுடன் நேரில் கதைப்பார்" எண்டு போட்டு, அம்மாவை உண்மையா கதைக்கச் சொல்லுங்கோ. காசுதான் காரணம் எண்டு தெரிஞ்சு, வேற பிள்ளையளுக்குத் தெரியாம வழி பார்த்துக் குடுத்த டீச்சரை எனக்குத் தெரியும், நான்தான் அந்த லிஸ்ட்டை எழுதினனான்.

6. குடுக்கிற நேரம்

காலையில வரவு எடுக்கேக்க மேசையில வைச்சிட்டு ஓடாதேங்கோ, அந்த நேரம் கொப்பிக் கட்டுக்குள்ள போயிடும். இன்டர்வெலில நேர குடுத்து "டீச்சர், ட்ரிப்புக்கு வரேலாது, கடிதத்தில எழுதியிருக்கிறன்" எண்டு ஒரு வசனம் சொல்லுங்கோ. குடுக்க முதல் ஒரு படம் எடுத்து வைங்கோ.

டீச்சர் பாசத்தில "பம்பைக் கொண்டு வாங்கோ, நான் பார்த்துக்கொள்ளுறன்" எண்டு சொல்லக்கூடும். தங்கச்சியிட்டயும் அப்பிடித்தான் சொன்னவ. அங்க நிண்டு வாதாடவோ, சரி வாறன் எண்டு தலையாட்டவோ தேவையில்ல. அவ சொன்னது "அம்மாவிட்ட ஒருக்கா கதையுங்கோ டீச்சர், நம்பர் கடிதத்தில இருக்கு". அண்டைக்குப் பின்னேரம் டீச்சர் கோல் எடுத்தா, சித்தி போன மாசம் ராவு ஒரு மணிக்கு நெபுலைஸ் பண்ண ஓடினதைச் சொன்னா. அடுத்த நாள் லிஸ்ட்டில பெயர் வெட்டியிருந்தது, அட்வான்ஸ் காசு மொனிட்டர் ஒரு என்வலப்பில போட்டுக் குடுத்தவ.